அக்ரிமெண்ட் போட்ட வீட்டை இன்னொருவருக்கு விற்கப் பார்த்தால்?

சட்டக் கல்லூரித் தேர்வுகளில் ஒரு வகைக் கேள்வி உண்டு. நான்கைந்து பத்தியில் ஒரு வழக்கின் நடப்பைச் சொல்லி, "இவருக்கு நீங்கள் வக்கீல். என்ன ஆலோசனை சொல்வீர்கள்?" என்று கேட்பார்கள். சட்டப் பிரிவுகளை மனப்பாடமாக ஒப்பித்தால் அதற்கு மதிப்பெண் கிடைக்காது. இந்த நடப்பில் எந்த உண்மை எந்தச் சட்டத்தைத் தொடுகிறது என்று எடுத்துக்காட்ட வேண்டும். வீடு, மனை வாங்கும் எவருக்கும் வரக்கூடிய சிக்கலை அப்படி ஒரு கேள்வியாக வைத்து, விடையையும் படிப்படியாக எழுதிப் பார்ப்போம். இதில் வரும் மூவரும் கற்பனை மனிதர்கள். சட்டம் மட்டும் நிஜம்.

கேள்வி

திருச்சிக்குப் பக்கத்தில் ஐந்து சென்ட் மனையில் ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. அதன் உரிமையாளர் பரமசிவம், 60 லட்ச ரூபாய்க்கு அதை மீனாட்சிக்கு விற்கச் சம்மதிக்கிறார். 2024 மார்ச் 4 அன்று கிரய ஒப்பந்தம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்கிறார்கள். மீனாட்சி 12 லட்சம் முன்பணம் கொடுக்கிறார். மீதி 48 லட்சத்தை ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 3-க்குள் கொடுத்துக் கிரயம் பெற வேண்டும். அதற்குள் பரமசிவம் வீட்டின் மேல் உள்ள வங்கிக் கடனை அடைத்து, மூலப் பத்திரங்களை மீட்டு, வில்லங்கம் இல்லாமல் ஒப்படைக்க வேண்டும்.

ஜூன் மாதம் மீனாட்சிக்கு 35 லட்ச ரூபாய் வீட்டுக் கடன் மஞ்சூராகிறது. மீதி 13 லட்சம் அவருடைய நிரந்தர வைப்பில் இருக்கிறது. மூலப் பத்திரம் வந்தால்தான் வங்கி பணத்தை விடும். பரமசிவமோ "கடன் இன்னும் முடியவில்லை, பொறுங்கள்" என்றே நாளைக் கடத்துகிறார். ஆகஸ்ட் 20 அன்று மீனாட்சி வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறார். செப்டம்பர் 10 அன்று பதில் வருகிறது: "கெடு முடிந்துவிட்டது. ஒப்பந்தம் ரத்து. முன்பணம் திரும்ப வராது." அக்டோபர் முதல் வாரத்தில், தனபால் என்பவர் அதே இடத்தை 85 லட்சத்துக்குப் பேசி முடித்திருப்பதும், ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கடைகள் கட்டப் போவதும் தெரியவருகிறது.

மீனாட்சி மூன்று கேள்விகளோடு வக்கீலிடம் வருகிறார். விற்பனையையும் இடிப்பையும் உடனே நிறுத்த முடியுமா? பரமசிவம் எனக்கே கிரயம் செய்து தர வேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்துமா? அதற்குள் தனபால் வாங்கிவிட்டால் என் கதி என்ன?

இரண்டு பரிகாரங்கள், ஒரே வேர்

ஒப்பந்தத்தை ஒருவர் மீறினால் சட்டம் வழக்கமாகத் தருவது நஷ்டஈடு. பழைய இங்கிலாந்தின் பொதுச் சட்ட நீதிமன்றங்களும் பெரும்பாலும் பணமாகவே கணக்குத் தீர்த்தன. பணம் போதாத இடங்களில் மக்கள் அரசரின் சான்சலரிடம் முறையிட்டார்கள். அவருடைய சான்சரி நீதிமன்றம் "நீ சொன்னதைச் செய்" என்றும் "இதைச் செய்யாதே" என்றும் ஆளைப் பார்த்துக் கட்டளையிட்டது. நியாய உணர்வின் அடிப்படையில் அப்படித் தரப்பட்டவற்றை நேர்மைவழிப் பரிகாரங்கள் என்கிறோம். 1870-களில் இங்கிலாந்தில் இரு வகை நீதிமன்றங்களும் ஒன்றாக்கப்பட்டன. இந்தியாவில் இந்தக் கொள்கைகள் 1877-லேயே குறித்தவகைத் தீர்வுச் சட்டமாக எழுதப்பட்டன. இப்போது நடப்பில் இருப்பது 1963-ஆம் ஆண்டுச் சட்டம். 2018-ல் அதில் பெரிய திருத்தம் வந்தது.

மீனாட்சிக்குத் தேவையான இரண்டும் இந்த வேரிலிருந்து வந்தவை. பரமசிவத்தைக் கிரயம் எழுதிக்கொடுக்கச் சொல்லும் தீர்ப்புக்கு "ஏற்றதை ஆற்றுதல்" என்று பெயர். வழக்கு முடியும்வரை சொத்தை உள்ளபடியே வைத்திருக்கச் செய்வது இடைக்கால உறுத்துக்கட்டளை. நீதிமன்ற வளாகத்தில் எல்லோரும் அதை இடைக்காலத் தடை என்றோ ஸ்டே என்றோ சொல்வார்கள். முதலாவது வழக்கின் முடிவில் கிடைப்பது. இரண்டாவது, அந்த முடிவு வரும்போது கையில் கிடைக்கப் பொருள் மிச்சமிருக்க வேண்டும் என்பதற்காகத் தரப்படுவது.

இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. கேட்பவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை நீதிமன்றம் பார்க்கும். எதிராளி ஒப்பந்தத்தை மீறினார் என்று காட்டினால் மட்டும் போதாது. நம் பக்கம் சுத்தமாக இருப்பதையும் காட்ட வேண்டும். விடையின் ஒவ்வொரு படியிலும் இது திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம்.

முதலில் பிராது எப்படி எழுதப்பட வேண்டும்?

அவசரத்தில் பலர் செய்யும் காரியம், "விற்கக் கூடாது" என்று தடை மட்டும் கேட்டு ஒரு வழக்குப் போடுவது. நீதிமன்றக் கட்டணம் குறைவு என்பது அதற்கு ஒரு காரணம். ஏற்றதை ஆற்றுதல் வழக்கில், தமிழ்நாட்டுச் சட்டப்படி ஒப்பந்தத்தில் சொன்ன முழு விலையின் மேல் கட்டணம் கணக்கிடப்படும். முதலில் தடை வாங்கிவிடுவோம், கிரயத்துக்குப் பிறகு தனி வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள்.

இது ஆபத்தான சிக்கனம். ஒரே வழக்குமூலத்திலிருந்து கிடைக்கக்கூடிய எல்லாப் பரிகாரங்களையும் ஒரே வழக்கில் கேட்க வேண்டும் என்கிறது உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 2, விதி 2. நீதிமன்ற அனுமதி இல்லாமல் ஒன்றை விட்டுவிட்டால், பிறகு அதைக் கேட்க முடியாது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற விர்கோ இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அங்கே வாங்க வந்த நிறுவனம் 2005-ல் தடை மட்டும் கேட்டு வழக்குப் போட்டது. கிரயம் கேட்டு 2007-ல் இரண்டாம் வழக்கு. முதல் வழக்கின்போதே கிரயம் கேட்டிருக்க முடியும் என்பதால் இரண்டாம் வழக்கு செல்லாது என்று தீர்ப்பானது. வேறு சூழ்நிலைகளில் இரண்டாம் வழக்கை அனுமதித்த தீர்ப்புகளும் உண்டு. ஆனால் அந்தச் சந்தேகத்தின் பலனை நம்பி யாரும் 60 லட்சத்தைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

ஆகவே மீனாட்சியின் பிராதில் நான்கு கோரிக்கைகள் இருக்க வேண்டும். பரமசிவம் கிரயம் செய்து சுவாதீனம் ஒப்படைக்க வேண்டும். செப்டம்பர் 10 அன்று அனுப்பிய ரத்து அறிவிப்பு செல்லாது என்று அறிவிக்க வேண்டும். ரத்து செய்யப்பட்ட ஒப்பந்தத்தின் மேல், இந்த அறிவிப்பைக் கேட்காமல் வந்த வழக்கு நிற்காது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கிரயம் கிடைக்காமல் போனால் மாற்றாக 12 லட்சம் முன்பணத்தையும் நஷ்டஈட்டையும் தர வேண்டும். இவற்றைப் பிராதில் தனியாகக் கேட்காவிட்டால் நீதிமன்றம் தானாகத் தராது. கடைசியாக நிரந்தரத் தடை. இந்தப் பிராதோடு சேர்த்துத்தான் இடைக்காலத் தடை மனு தாக்கலாகிறது.

விடை 1: உடனே தடுக்க முடியுமா?

இடைக்காலத் தடைக்கு மூன்று தூண்கள் உண்டு. முகாந்திரமான வழக்கு, வசதிகளின் சமநிலை, ஈடுசெய்ய முடியாத இழப்பு. மூன்றும் சேர்ந்து நிற்க வேண்டும். ஒன்று விழுந்தாலும் தடை விழும்.

முகாந்திரம் என்றால் வெற்றி உறுதி என்று பொருள் இல்லை. விசாரித்துப் பார்க்கத் தகுந்த நேர்மையான தகராறு இருக்கிறது என்று காட்டினால் போதும். மீனாட்சியிடம் பதிவான ஒப்பந்தம் இருக்கிறது. முன்பணம் கொடுத்ததை எதிராளியே மறுக்கவில்லை. கெடுவுக்குள்ளேயே நோட்டீஸ் போயிருக்கிறது. இந்தத் தூண் உறுதியாக நிற்கிறது.

ஒப்பந்தம் பதிவாகாமல் இருந்திருந்தால்? தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். இருந்தாலும், பதிவாகாத ஒப்பந்தத்தை ஏற்றதை ஆற்றுதல் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே பதிவு இல்லை என்பதாலேயே வழக்கு செத்துவிடாது. ஆனால் பதிவு வேறோர் இடத்தில் பெரிய காவலாக நிற்கும். அதை மூன்றாம் விடையில் பார்ப்போம்.

ஈடுசெய்ய முடியாத இழப்பு என்பது, பின்னால் பணமாகக் கொடுத்துச் சரிக்கட்ட முடியாத இழப்பு. ஒரு மனைக்கு இன்னொரு மனை ஈடாகாது என்பது நிலச் சட்டத்தில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட கருத்து. இங்கே அதோடு வீட்டை இடிக்கும் திட்டமும் சேர்கிறது. இடித்தபின் மீனாட்சி ஜெயித்தாலும், அவர் வாங்க ஒப்புக்கொண்ட வீடு இருக்காது.

வசதிகளின் சமநிலைதான் வாதம் சூடு பிடிக்கும் இடம். தடை கொடுத்தால் பரமசிவத்துக்கு என்ன கஷ்டம், கொடுக்காவிட்டால் மீனாட்சிக்கு என்ன கஷ்டம் என்று நீதிபதி எடை போடுவார். தடை வந்தால் பரமசிவம் வீட்டிலேயே தொடர்ந்து குடியிருக்கலாம், வாடகைக்கும் விடலாம். விற்பனை மட்டும் தள்ளிப்போகும். தடை இல்லாவிட்டால் மீனாட்சி தனபாலோடும், தனபாலிடமிருந்து வாங்குபவரோடும், கடைகளில் வாடகைக்கு வந்தவர்களோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். தராசு மீனாட்சி பக்கம் சாய்கிறது.

பரமசிவத்தின் வக்கீல் ஒரு கூர்மையான வாதம் வைப்பார். "வழக்கு நடக்கும்போது சொத்து கைமாறினாலும் தீர்ப்பு வாங்கியவரையும் கட்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு இருக்கும்போது தடை எதற்கு?" கேட்கச் சரியாகத்தான் படும். ஆனால் 52-ஆம் பிரிவு உரிமையைக் காக்குமே தவிர வீட்டைக் காக்காது. தனபாலின் புல்டோசரை அது நிறுத்தாது. வழக்கு முடியும்வரை சொத்தின் தன்மையை மாற்றவும் அதைக் கைமாற்றவும் சாதாரணமாக அனுமதிக்கக் கூடாது, அனுமதித்தால் வழக்குகள்தான் பெருகும் என்று மகர்வால் கேவாஜி டிரஸ்ட் வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மீனாட்சியின் வக்கீலுக்கு அதுவே பதில்.

எதிராளிக்குச் சொல்லாமல் அன்றைக்கே தடை கிடைக்குமா? பொது விதி, முதலில் நோட்டீஸ் என்பது. நோட்டீஸ் போய்ச் சேருவதற்குள் காரியம் கெட்டுவிடும் என்றால் மட்டும், காரணத்தை எழுத்தில் பதிவு செய்துவிட்டு நீதிபதி ஒருதலைப்பட்சமாகத் தடை தரலாம். பத்திரப்பதிவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, இடிக்க ஆள் வந்துவிட்டது என்பதற்குச் சான்று இருந்தால் இந்த வழி திறக்கும். கிடைத்தால் வேலை அதோடு முடிவதில்லை. மனு, பிரமாணப் பத்திரம், பிராது, ஆவணங்கள் ஆகியவற்றின் நகல்களை உடனே எதிராளிக்கு அனுப்பி, அனுப்பியதை அன்றோ மறுநாளோ நீதிமன்றத்தில் பிரமாணமாகச் சொல்ல வேண்டும். தவறினால் அந்தத் தவற்றையே காட்டி எதிராளி தடையை உடைக்கப் பார்ப்பார். நீதிமன்றமும் 30 நாளுக்குள் இரு தரப்பையும் கேட்டு மனுவை முடிக்க முயல வேண்டும்.

கிடைத்த தடையை மீறினால் பரமசிவத்தின் சொத்தை ஜப்தி செய்யலாம். மூன்று மாதம் வரை உரிமையியல் சிறையிலும் வைக்கலாம். அதேபோல, போதிய காரணம் இல்லாமல் தடை வாங்கியவர் எதிராளிக்கு 50,000 ரூபாய் வரை ஈடு தர வேண்டியும் வரலாம்.

இப்போது ஓர் உண்மையை மட்டும் மாற்றிப் பார்ப்போம். ஜூலையில் மீனாட்சி பரமசிவத்துக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம்: "பணம் புரட்ட முடியவில்லை, இன்னும் மூன்று மாதம் டைம் கொடுங்கள் அண்ணா." அதைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லாமல் மறைத்துவிட்டார். எதிராளி அந்தச் செய்தியை அச்சிட்டு நீட்டிய நிமிடத்தில் தடை ஆட்டம் காணும். முக்கியமான உண்மையை மறைத்தவருக்கு இந்தப் பரிகாரத்தைக் கேட்கும் தகுதியில்லை. மூன்று தூண்களும் நின்றாலும் நீதிபதி மறுக்கலாம். அந்தச் செய்தியைத் தாமே முன்வைத்து, பிறகு வைப்பும் கடனும் எப்படிக் கூடிவந்தன என்று விளக்கியிருந்தால் தப்பித்திருக்க வாய்ப்புண்டு. வழக்கைக் கெடுப்பது பெரும்பாலும் அந்தச் செய்தி அல்ல, அதை மறைத்ததுதான்.

விடை 2: கிரயம் செய்து தரச் சொல்லுமா?

2018 வரை இது நீதிபதியின் விருப்புரிமை. ஒப்பந்தம் நிரூபணமானாலும், விற்பவருக்கு எதிர்பாராத கஷ்டம் வருகிறது, அநியாயமாக முடிகிறது என்று கருதினால் கிரயத்தை மறுத்துப் பணத்தை மட்டும் திருப்பித் தரச் சொல்லலாம். 2018 அக்டோபர் 1 முதல் அமலான திருத்தம் அந்த விருப்புரிமையை எடுத்துவிட்டது. சட்டம் சொல்லும் விலக்குகளில் எதுவும் இல்லையென்றால் நீதிமன்றம் ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லியே ஆக வேண்டும். மீனாட்சியின் ஒப்பந்தம் 2024-ல் எழுதியது. எனவே புதிய சட்டமே பொருந்தும். "விலை ஏறிவிட்டது, எனக்கு 25 லட்சம் நஷ்டம்" என்பது இனி பரமசிவத்தைக் காப்பாற்றாது.

ஆனால் ஒரு வாசல் அப்படியே இருக்கிறது. 16-ஆம் பிரிவின் (இ) உட்பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் தம் பங்கைச் செய்ய எப்போதும் ஆயத்தமாகவும் விருப்பமாகவும் இருந்ததை வாங்குபவர் நிரூபிக்க வேண்டும். ஏற்றதை ஆற்றுதல் வழக்குகள் அதிகம் தோற்கும் இடம் இதுவே.

ஆயத்தம் என்பது பண வசதி. விருப்பம் என்பது நடத்தை. பணம் இருந்தும் இழுத்தடித்தால் விருப்பம் இல்லை. ஆசை இருந்தும் பணத்துக்கு வழி இல்லாவிட்டால் ஆயத்தம் இல்லை. "எப்போதும்" என்ற சொல்லுக்கும் கனம் உண்டு. ஒப்பந்த நாள் முதல் தீர்ப்பு நாள் வரை இந்த நிலை தொடர வேண்டும். வழக்குப் போடுகிற நாளில் மட்டும் பணம் காட்டினால் போதாது.

"செப்டம்பர் 3 அன்று அவர் கையில் 48 லட்சம் இல்லையே" என்று பரமசிவம் சொல்வார். பதில் சட்டத்திலேயே இருக்கிறது. நீதிமன்றம் உத்தரவிட்டாலன்றிப் பணத்தைக் கையில் ஏந்திக் காட்டவோ கட்டவோ தேவையில்லை. தேவைப்பட்ட நாளில் கொடுக்கும் வழி இருந்தது என்று காட்டினால் போதும். 35 லட்சத்துக்குக் கடன் மஞ்சூர் கடிதம், 13 லட்சத்துக்கு வைப்பு ரசீது, மூலப் பத்திரம் வந்தால் பணம் விடுவோம் என்ற வங்கியின் நிபந்தனை. மூன்றும் சேர்ந்தால் கணக்கு நேராகிறது. பணம் வராததற்குக் காரணம் பரமசிவம் மூலப் பத்திரத்தை மீட்காததுதான் என்பதும் தெளிவாகிறது. தம் கடமையைச் செய்யாதவர் அதனால் விளைந்த தாமதத்தை எதிராளி தலையில் கட்ட முடியாது.

கெடு தாண்டியது பற்றி ஒரு சொல். அசையாச் சொத்து விற்பனையில் கெடு சாதாரணமாக ஒப்பந்தத்தின் உயிர்நாடி அல்ல என்பது பழைய விதி. இதை நம்பி வாங்குபவர்கள் அசந்துவிடக் கூடாது என்பதற்கு, 1997-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மதுரை வீட்டு வழக்கு பாடம். 1978 டிசம்பரில் 60,000 ரூபாய்க்கு ஒப்பந்தம், முன்பணம் 5,000, கெடு ஆறு மாதம். வாங்குபவர் நோட்டீஸ் அனுப்பியது 1981 ஜூலையில்தான். இடையில் வீட்டு விலை பல மடங்கு ஏறிவிட்டது. வழக்குப் போடச் சட்டம் தரும் மூன்றாண்டு வரம்புக்குள்தான் வந்தார் என்றாலும், இரண்டரை ஆண்டு சும்மா இருந்தவருக்குக் கிரயம் இல்லை என்றது நீதிமன்றம். அது பழைய சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. இருந்தாலும் நீண்ட மௌனம், விருப்பம் இல்லை என்பதற்கு இன்றும் சாட்சியாகும். மீனாட்சி கெடுவுக்கு முன்பே நோட்டீஸ் விட்டவர், ரத்துக் கடிதம் வந்து ஐந்தே வாரத்தில் வழக்குக்கு வந்தவர். அவரை அந்தக் குறை தொடாது.

ஆகவே இரண்டாம் கேள்விக்கும் விடை மீனாட்சிக்குச் சாதகம். தீர்ப்பு வந்தபின் இரண்டு காரியம் நடக்க வேண்டும். குறித்த நாளுக்குள் அவர் மீதிப் பணத்தைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் 28-ஆம் பிரிவின் கீழ் ஒப்பந்தத்தையே ரத்து செய்யும்படி பரமசிவம் கேட்கலாம். ஜெயித்த வழக்கைப் பலர் இங்கே கோட்டைவிடுகிறார்கள். பணம் கட்டியும் பரமசிவம் கையெழுத்துப் போட மறுத்தால், நீதிமன்றமே அவர் சார்பில் கிரயப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொடுக்கும்.

விடை 3: தனபால் வாங்கிவிட்டால்?

இரண்டு நிலைகள் உண்டு. வழக்குத் தாக்கலாகும் முன்பே தனபால் கிரயம் வாங்கியிருந்தால் 19-ஆம் பிரிவு பேசும். விலை கொடுத்து, நல்லெண்ணத்தோடு, முந்தைய ஒப்பந்தம் பற்றித் தெரியாமல் வாங்கியவருக்கு எதிராக ஏற்றதை ஆற்றுதல் செல்லாது. மூன்றும் அவரிடம் இருக்க வேண்டும். மீனாட்சியின் ஒப்பந்தம் பதிவானது. வில்லங்கச் சான்றிதழ் போட்டிருந்தால் அதில் தெரிந்திருக்கும். கட்டாயமாகப் பதிய வேண்டிய ஆவணம் பதிவாகிவிட்டால், பின்னால் வாங்குபவருக்கு அது தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். "எனக்குத் தெரியாது" என்று தனபால் சொல்ல முடியாது. பதிவாகாத ஒப்பந்தமாக இருந்திருந்தால், தனபாலுக்குத் தெரிந்திருந்தது என்பதைச் சாட்சி வைத்துக் காட்டும் பாடு மீனாட்சிக்கு வந்திருக்கும். பதிவு காவலாக நிற்கும் இடம் இதுதான்.

வழக்கு தொடங்கிய பிறகு வாங்கினால் நல்லெண்ணம், அறியாமை எதுவும் உதவாது. 52-ஆம் பிரிவின்படி தீர்ப்பு தனபாலையும் கட்டும்.

இரண்டு நிலையிலும் மீனாட்சி தனபாலையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும். தீர்ப்பு எப்படி எழுதப்பட வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1953-லேயே வகுத்துவிட்டது. பழைய ஒப்பந்தத்தின் விலைக்கும் நிபந்தனைக்கும் பரமசிவம் கிரயம் எழுத வேண்டும். தனபால் அந்தப் பத்திரத்தில் சேர்ந்து கையெழுத்திட்டுத் தம்மிடம் வந்த உரிமையைக் கொடுத்துவிட வேண்டும். தாம் கொடுத்த 85 லட்சத்தைப் பரமசிவத்திடம் திரும்பக் கேட்பது தனபாலின் பாடு.

இந்த விடையின் எல்லை

மேலே சொன்னது காகிதத்தில் வலுவான வழக்கு. ஆனால் காலம் இதில் பெரிய செலவு. திருத்தப்பட்ட சட்டம், அழைப்பாணை சேர்ந்ததிலிருந்து 12 மாதத்தில் வழக்கை முடிக்க வேண்டும், தேவைப்பட்டால் ஆறு மாதம் நீட்டிக்கலாம் என்கிறது. நடைமுறையில் அது பல வழக்குகளில் தாண்டிப்போகிறது. பிறகு மேல்முறையீடு. இத்தனை ஆண்டும் மீனாட்சி 48 லட்சத்துக்கு வழியைத் தயாராக வைத்திருக்க வேண்டும். கடன் மஞ்சூர் காலாவதியானால் புதுப்பிக்க வேண்டும். அவரால் அது முடியாதென்றால், 12 லட்சத்தையும் வட்டியையும் நஷ்டஈட்டையும் பெற்றுக்கொண்டு சமரசத்துக்குப் போவதே புத்திசாலித்தனம் என்று நல்ல வக்கீல் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

கிரய ஒப்பந்தம் போடப் போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். யார் எதை எந்த நாளுக்குள் செய்ய வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதுங்கள். பணத்துக்கான வழியைக் காட்டும் கடிதங்களையும் வங்கிக் கணக்கையும் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். கெடு முடியும் முன்பே எழுத்தில் கேளுங்கள். மறுப்பு வந்தால் காத்திருக்காமல், எல்லாப் பரிகாரங்களையும் ஒரே வழக்கில் கேளுங்கள். உங்களுக்குப் பாதகமான கடிதம் இருந்தால் அதையும் வக்கீலிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். ஒப்பந்தத்தை மீறியவரைப் பற்றி நீதிமன்றம் விசாரிக்கும் முன், பரிகாரம் கேட்டு வந்த உங்களைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கும்.